கோகிலா கேட்ட லீவு

“இன்னும் நாலு மாசம் கிடக்கே கோகிலா. இப்பவே எதுக்கு லீவு லெட்டர்?” என்று சிரித்தார் சுரேந்திரன்.

குருந்துமலைத் தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர் அவர். தொழிலாளர்களுக்கு ‘வெல்பெயார் ஐயா’. மேசையில் கிடந்த கோப்புகளை ஒதுக்கிவிட்டு, கோகிலா நீட்டிய உறையை வாங்கிக்கொண்டார்.

“நாலு மாசம் முந்திக் குடுத்தாத்தான் ஐயா, நாலாவது மாசமாவது ஆள் வரும். உங்க ஆபீஸ் எனக்குத் தெரியாதா?”

“எங்க ஆபீஸா? நீயும் இந்த ஆபீஸ்லதான் சம்பளம் வாங்குற.”

“அதனாலதான் தெரியும்.”

சுரேந்திரன் கடிதத்தைப் பிரித்தார். தோட்டத்துரைக்கு முகவரியிட்டு எழுதியிருந்தாள். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. தொழிலாளர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பான அவள் மகப்பேற்று விடுமுறை கோருகிறாள். பிரசவம் எதிர்பார்க்கப்படும் திகதி ஜூலை இருபது. அதற்கு இரண்டு வாரம் முன்னதாக, ஜூலை ஆறாம் திகதி திங்கட்கிழமை முதல் விடுமுறை வேண்டும். கிளினிக் டாக்டர் கொடுத்த மருத்துவச் சான்றிதழ் பின்னால் குத்தப்பட்டிருந்தது.

கடைசிப் பத்திக்கு வந்ததும் அவர் சிரிப்பு நின்றது. ‘எனக்குப் பதிலாக ஒருவரை முன்கூட்டியே நியமித்து, ஒரு வாரமாவது என்னுடன் பழக விடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மடுவம் ஒரு நாளும் பூட்டிக் கிடக்கக் கூடாது.’

“இது கேஷானி மகனுக்காக எழுதினதா?”

கோகிலா தலையை ஆட்டினாள்.

அவள் வேலைக்கு வருவதற்கு முன்பு மடுவத்தைப் பார்த்தவர் திடீரென்று லீவில் போனார். பதில் ஆள் கிடைக்கவில்லை. மடுவம் பூட்டப்பட்டது. கொழுந்து பறிக்கப் போன அம்மாமார் கைக்குழந்தைகளை லயத்து வீடுகளில் பெரிய பிள்ளைகளிடம் விட்டுப் போனார்கள். கேஷானியின் மகன் அடுப்பிலிருந்த கஞ்சிச் சட்டியை இழுத்து மேலே கொட்டிக்கொண்டான். தோளிலிருந்து முழங்கை வரை இன்றைக்கும் அந்தத் தோல் சுருங்கித்தான் இருக்கிறது.

“நான் மேல குடுக்குறேன். நீ ஓடியாடித் திரியாத, சரியா?” என்றார் சுரேந்திரன்.

அந்தக் கடிதத்துக்கே பயப்படக்கூடிய ஒருவர் வீட்டில் இருந்தார்.

*

“பொறக்காத புள்ளைக்குத் தேதி குறிச்சு ஆபீசுல குடுத்துட்டு வந்து நிக்கிறியா?”

மாமியார் இராஜகுமாரி கூடையைக் கூட இறக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

“லீவு வேணும்னா தேதி போடணும் அத்த. டாக்டர்தான் போட்டுக் குடுத்தாரு.”

“டாக்டரு கிளினிக்குல எழுதட்டும். அது அவரு வேல. நீ ஏன் உன் கையால எழுதுன? நம்ம வீட்டுல வளையல் போடுற வரைக்கும் யாராச்சும் தேதிய வாய் தொறந்து சொல்லியிருக்கமா? எப்பன்னு கேட்டா, சாமி குடுக்கும்போதுன்னு சொல்லிட்டுப் போவோம். நீ என்னடான்னா தோட்டம் பூராவும் தண்டோரா போட்டுட்டு வந்திருக்க!”

புருஷன் பிரதாப் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். “அம்மா, ஆபீஸ் லெட்டர் பெட்டிக்குள்ளதான் இருக்கும். யாரு படிக்கப் போறா?”

“நீ பேசாத. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

இராஜகுமாரியின் குரல் உடைந்ததில் கோகிலாவின் கோபம் போய்விட்டது. இதற்கு முன் இரண்டு தடவை மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இரண்டு தடவையும் அவளைத் தோளில் சாய்த்து மலைப்பாதை வழியாக ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போனது இந்த மாமியார்தான். பிரதாப் அப்போது வண்டி வாங்கியிருக்கவில்லை.

“இந்தத் தடவ ஒண்ணும் ஆகாது அத்த,” என்றாள்.

“வாய வச்சுத் தொலைக்காத,” என்று கூடையை இறக்கினார் இராஜகுமாரி.

*

கோகிலா நினைத்ததைவிட ஆபீஸ் வேகமாக இருந்தது. மே மாதம் முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. விடுமுறை அனுமதிக்கப்பட்டது. ஜூன் கடைசித் திங்கட்கிழமையிலிருந்து செப்டெம்பர் முடியும் வரை ஷாமிளா என்ற பெண் மடுவத்தில் பதில் கடமை பார்ப்பாள். ஷாமிளா தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கைச் சேர்ந்தவள். கொழும்புப் பக்கம் தையல் கம்பெனியில் வேலை செய்துவிட்டு, அம்மாவுக்குச் சுகமில்லையென்று திரும்பி வந்தவள்.

மடுவம் என்பது ஒரு நீளமான அறை. ஒரு பக்கம் பாய்கள், மறுபக்கம் தொட்டில்கள். கூரைச் சட்டத்தில் இரும்புக் கொக்கிகள் வரிசையாக அடித்திருக்கும். ஒவ்வொரு அம்மாவும் தன் பழைய சேலையொன்றைக் கொண்டுவந்து ஒரு கொக்கியில் கட்டுவாள். அவள் வாசனை இருந்தால்தான் பிள்ளை தூங்கும். தொட்டில் காலத்தைக் கடந்த பிள்ளை பாய்க்கு இறங்கியதும் அந்தக் கொக்கி அடுத்த பிள்ளைக்கு.

ஜூன் தொடக்கத்தில் ஜன்னலோரக் கொக்கியொன்று காலியானது. காற்று வரும் இடம். ரப்பர் மரங்கள் தெரியும்.

“இத யாரும் கேக்காதீங்க,” என்று, மத்தியானம் பால் கொடுக்க வந்த அம்மாமாரிடம் சொல்லி, கோகிலா தன் வயிற்றைத் தடவினாள். லீவு முடிந்து வரும்போது தன் பிள்ளையையும் இங்கேதான் கொண்டுவரப் போகிறாள்.

அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“அடேயப்பா! ஆபீசுக்குத் தேதி குடுத்தாச்சு. இங்க பஸ்ஸுல லேஞ்சி போட்டு சீட்டுப் புடிக்கிற மாதிரி கொக்கியும் புடிச்சாச்சு!”

“பொறந்தவொடனே இஸ்கூலுக்கும் எழுதிப் போட்டுருவா.”

நிறைமாத வயிற்றோடு மகனை அழைக்க வந்திருந்த கேஷானியும் சேர்ந்துகொண்டாள். “நம்ம லீவுக்கு லெட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. மிட்வைஃப் நோனா நம்ம கிளினிக் கார்டப் பார்த்து ஆபீசுக்குச் சொன்னாப் போச்சு. அக்கா ஸ்டாஃப்பாச்சே! கவர்ல போட்டு ஒட்டித்தான் பெத்துக்குவாங்க.”

கோகிலா சிரித்துச் சிரித்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றுக்குள்ளே பிள்ளை ஒரு உதை விட்டது. அதுவும் சிரிக்கிறதென்று சொன்னாள். அந்த வாரமே கேஷானிக்குப் பெண் பிள்ளை பிறந்தது.

*

ஷாமிளா சொன்ன நாளில் வந்தாள். கெட்டிக்காரி. ஆனால் கைக்குழந்தையைத் தூக்கும்போது கண்ணாடிப் பாத்திரம் தூக்குவதுபோலத் தூக்கினாள்.

“பயந்து தூக்கினா அதுவும் பயப்படும் ஷாமிளா. மொதல்ல கழுத்து. அப்புறம்தான் மத்ததெல்லாம்.”

“சரி அக்கா.”

“தொட்டில் கட்டினா, புள்ளையப் போடுறதுக்கு முந்தி நீ ரெண்டு கையாலயும் தொங்கிப் பாரு. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ.”

“நான் தொங்கினா கூரையே வந்துரும் அக்கா.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் இலைக்கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கோகிலாவுக்கு அது உறைத்தது. காலையிலிருந்து பிள்ளை துடித்ததாக நினைவில்லை. கிளினிக்கில் துடிப்பு எண்ணச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குறைந்தால் காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். கஞ்சியைக் குடித்துவிட்டு இடப்பக்கம் சரிந்து படுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஏதோ அசைந்தது. அசைந்த மாதிரிதான் இருந்தது.

“என்ன அக்கா?”

“ஒண்ணுமில்ல. தூங்குது போல.”

சனிக்கிழமை அரைநாள். மடுவத்துச் சாமான்களைக் கணக்குப் பார்த்து ஷாமிளாவிடம் ஒப்படைக்க வேண்டும். அன்றைக்குத்தான் சுரேந்திரன் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து லீவு. திங்கட்கிழமை காலையில் கிளினிக்கும் இருந்தது. எல்லாம் நான்கு மாதத்துக்கு முன்பே போட்ட திட்டப்படி நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு அரைநாள்தானே என்று கோகிலா நினைத்தாள்.

ஒப்படைத்து முடித்து, சாவியை ஷாமிளாவின் கையில் வைத்தாள். வெளியே வந்து பிரதாப்பின் ஆட்டோவில் ஏறும்போது அவள் முகத்தைப் பார்த்து அவன், “வீட்டுக்கா?” என்றான்.

“இல்ல. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.”

அவன் புளத்கொகுபிட்டிய டவுனைத் தாண்டி வண்டியை விரட்டினான்.

ஆஸ்பத்திரியில் ஜெல் தடவி, கருவியை வயிற்றில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். பிறகு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவரும் பார்த்தார். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அப்போதே கோகிலாவுக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்த பிறகு பெற்றாள். பெண் பிள்ளை. தலை நிறைய முடி. குழந்தை அழும் சத்தம் பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்தது. “அடன்ன எப்பா, நங்கி,” என்று நர்ஸ் நோனா சிங்களத்தில் சொல்லி அவள் தலையைத் தடவினார். அழாதே தங்கச்சி என்று சொன்ன அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“வெள்ளிக்கிழமையே வந்திருந்தா?” என்று கோகிலா டாக்டரிடம் சிங்களத்தில் கேட்டாள்.

அவர் கையிலிருந்த கோப்பை மூடினார். “எப்ப நின்னதுன்னு நிச்சயமாச் சொல்ல முடியாது அம்மா. வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கலாம்.”

அந்த ‘லாம்’ அவளோடு வீட்டுக்கு வந்தது.

*

பிரதாப் பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், ரப்பர் மலைக்குக் கீழே உள்ள மயானத்தில் அடக்கம் பண்ணிவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து கைகாலைக் கழுவினான். ஆட்டோவில் கட்டியிருந்த பூச்சரத்தைக் கழற்றி எறிந்தான். பிறகு இரண்டு நாளைக்கு வண்டியை எடுக்கவில்லை.

கோகிலாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. இராஜகுமாரி மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். கட்டி முடித்த பிறகு சொன்னார்:

“நான் சொன்னேன். தேதி போடாதன்னு சொன்னேன்.”

கோகிலாவுக்கும் அந்தத் தேதிமேல்தான் கோபம். ஆனால் மாமியார் நினைத்த காரணத்துக்காக இல்லை. ‘திங்கட்கிழமையிலிருந்து லீவு’ என்று எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் வெள்ளிக்கிழமையே கிளம்பியிருப்பாளோ? அந்தக் கேள்வியை யாரிடமும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து சுரேந்திரன் வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து, தேத்தண்ணீரைக் குடித்து முடித்த பிறகும் பையைத் திறக்கவில்லை.

“சொல்லுங்க ஐயா,” என்றாள் கோகிலா. “எனக்குத் தெரியும். லீவு மாறும்தானே?”

“மாறும்.” அவர் குவளையைக் கீழே வைத்தார். “புள்ள உசிரோட பொறந்தாத்தான் பன்னிரண்டு வாரம். இப்படி ஆச்சுன்னா... ஆறு வாரம்தான். சட்டம் அப்படி. நான் பெரிய கிளாக்கர்கிட்டயும் கேட்டுப் பார்த்தேன்.”

வாசலில் நின்ற இராஜகுமாரி உள்ளே வந்தார். “பத்து மாசம் சொமந்தவளுக்கு அரை லீவா? ஒடம்பு ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்களே ஐயா?”

“எனக்குப் புரியுதும்மா. சட்டத்துக்குப் புரியல.”

“நான் என்ன செய்யணும்?” என்று கேட்டாள் கோகிலா.

“அந்தப் பழைய லெட்டர் திங்கட்கிழமையிலிருந்து போட்டது. இது அதுக்கு முந்தின நாளே ஆயிருச்சு. அதனால புதுசா ஒரு லெட்டர். என்ன நடந்துச்சு, எப்ப, எப்பத் திரும்ப வேலைக்கு வாறேன்னு. ஆஸ்பத்திரித் துண்டையும் சேர்த்துக் குடு.” அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இன்னொண்ணும் இருக்கு. தொரகிட்டப் பேசினேன். நீ விரும்பினா மடுவத்துக்குத் திரும்ப வர வேண்டாம். டிஸ்பென்சரியில உதவிக்கு ஒரு எடம் போட்டுத் தரலாம்னு சொல்றாரு. ஷாமிளாவே மடுவத்தப் பார்த்துக்குவா.”

“நான் கேக்கலியே.”

“நீ கேக்கல.”

“அப்ப யாரு கேட்டா?”

சுரேந்திரன் வெளியே பார்த்தார். “ரெண்டு மூணு அம்மாமார் வந்தாங்க. உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொன்னாங்க. கைப்புள்ளைங்களப் பார்த்துக்கிட்டு, நாள் பூராவும்...”

“அது எனக்காகவா? இல்ல, அவங்க புள்ளைங்களுக்காகவா?”

அவர் திறக்காத பையின் வாரைச் சரிசெய்தார். அதுவே போதுமாயிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கையில் பச்சைக் குழந்தையைக் கொடுக்கப் பயப்படுகிறார்கள். இதே பயத்தை இராஜகுமாரியும் ஒரு காலத்தில் இன்னொருத்தியைப் பற்றிச் சொல்லி கோகிலா கேட்டிருக்கிறாள்.

“கேஷானி வந்தாளா ஐயா?”

“வந்தா,” என்றார் மெதுவாக.

கோகிலா சுவரில் சாய்ந்துகொண்டாள். பிள்ளை போனபோது தாங்கிய உடம்பு இதற்குத் தளர்ந்தது. கேஷானி மகனின் கையை நினைத்துத்தானே அந்தக் கடிதத்தை நான்கு மாதம் முன்பே எழுதினாள். மடுவமும் போய்விட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்? காலையில் எழுந்து எங்கே போவாள்?

“நான் லெட்டர் எழுதுறேன் ஐயா. நாளைக்கு அவருகிட்டக் குடுத்தனுப்புறேன்.”

*

முதல் கடிதத்தை எழுத அவளுக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. இந்தக் கடிதம் அசையவே இல்லை. ‘பிரசவம்’ என்று எழுதினாள். அதற்குப் பிறகு என்ன எழுதுவது? ஆஸ்பத்திரித் துண்டில் இருந்த வார்த்தையைப் பார்த்து அப்படியே எழுதினாள். மேலும் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது, எப்போது திரும்புகிறாள் என்று.

இராஜகுமாரி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொரு தேதியா?”

“ஆமா அத்த. இன்னொரு தேதி.”

“டிஸ்பென்சரிக்கே போயேன். மாத்திரை எண்ணிக் குடுக்கிற வேல. ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா.”

“மடுவத்துக்குத்தான் போவேன்.”

“அவளுக அந்தப் பேச்சுப் பேசின பொறகுமா?”

“பேசினதாலதான். இப்ப ஒளிஞ்சுக்கிட்டேன்னா நான்தான் ஏதோ பண்ணினேன்னு ஆயிரும். நீங்களும் அப்படித்தான நினைக்கிறீங்க?”

இராஜகுமாரி ஊதுகுழலை எடுத்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதினார்.

கோகிலா எழுதினாள்: ‘ஆகஸ்ட் பதினேழாம் திகதி திங்கட்கிழமை பிள்ளை மடுவத்தில் கடமைக்குத் திரும்புகிறேன்.’

*

அந்தத் திங்கட்கிழமை மழை பிடித்திருந்தது. கோகிலா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது இராஜகுமாரியும் கூடையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். காலையில் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகும் பாதை அது இல்லை. இருந்தாலும் மடுவத்து வாசல்வரை வந்தார். பாதையில் நின்ற பெண்களின் கண்ணில் படும்படி மருமகளின் தோளில் ஒரு தடவை கை வைத்தார். பிறகு மலை ஏறினார்.

மடுவம் ஏற்கனவே திறந்திருந்தது. அடுப்பு மூட்டியிருந்தது. ஷாமிளா வாசலில் நின்றாள்.

“அக்கா... நீங்க இன்னைக்கு வருவீங்கன்னு...”

“உனக்கு யாரும் சொல்லலியா?”

“இல்லக்கா. எனக்குக் குடுத்த லெட்டரு செப்டெம்பர் முடியிற வரைக்கும்தான் இருக்கு. ஆபீசுல வேற ஒண்ணும் தரல.”

கோகிலாவின் லீவைப் பாதியாகக் குறைத்த ஆபீஸ், ஷாமிளாவின் கடிதத்தைத் தொட மறந்துவிட்டது. சுரேந்திரன் ஒரு வாரமாகப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார். ஆகவே ஒரே வாசலில் இரண்டு பேர் நின்றார்கள், பிள்ளைகளை வாங்க.

அம்மாமார் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் கோகிலாவைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். “வந்துட்டீங்களா அக்கா? ஒடம்பு எப்படி?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே பிள்ளையை ஷாமிளாவிடம் நீட்டினாள்.

அடுத்தவளும் ஷாமிளாவிடம். அதற்கடுத்தவளும்.

எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்தாள். ஆனால் கை மட்டும் ஒரே பக்கம் போனது. ஷாமிளா முகம் சிவந்து, “அக்காகிட்டக் குடுங்களேன்,” என்று முணுமுணுத்தாள். யாருக்கும் காது கேட்கவில்லை.

நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டு பேர் ஓடிவந்து கோகிலாவின் காலைக் கட்டிக்கொண்டார்கள். “டீச்சர் எங்க போன?” என்றது ஒன்று. “டீச்சர் வயிறு எங்க?” என்றது இன்னொன்று. கோகிலா குனிந்து இரண்டு பேரின் மூக்கையும் துடைத்துவிட்டாள். ஆனால் கைக்குழந்தைக்காக யாரிடமும் கையை நீட்டவில்லை. கேட்டு வாங்கக் கூடாதென்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

கேஷானி கடைசியாக வந்தாள். அவளுக்கும் லீவு முடிந்து அன்றுதான் முதல் நாள். மழைச் சாக்கைத் தலையில் போட்டு, அதற்குள்ளே பிள்ளையை அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். மகன் பின்னால். மேலே கங்காணி அவள் பேரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

வாசலுக்கு வந்துதான் கோகிலாவைக் கண்டாள். நின்றுவிட்டாள்.

ஷாமிளாவின் ஒரு தோளில் ஒரு குழந்தை, மறு கையில் இன்னொன்று. பாயில் கிடந்தது மூன்றாவது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வேண்டுமென்றே கையிலிருந்ததைக் கீழே வைக்கவில்லையோ என்று கோகிலாவுக்குத் தோன்றியது.

“கேஷானீ!” என்று மேலேயிருந்து மறுபடி சத்தம்.

“அக்கா,” என்றாள் கேஷானி. தண்ணீர் அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. “அவ கை நெறஞ்சிருக்கு...”

“என் கை காலியாத்தான் இருக்கு கேஷானி,” என்றாள் கோகிலா.

குற்றம் சொல்ல அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் கேஷானி அடிபட்டவள்போல ஆனாள். பக்கத்தில் நின்ற மகனின் கையைப் பார்த்தாள், சுருங்கிய தோலை.

“நான் வெல்பெயார் ஐயாகிட்டப் போனேன் அக்கா.”

“தெரியும்.”

“பயந்துட்டேன். இது பொம்பளப் புள்ள, உங்களுதும்... எனக்கு என்னமோ...”

“பயம் இருக்கத்தான் செய்யும். எங்க அத்தைக்கும் இருக்கு. எனக்கு இல்லன்னு நினைக்கிறியா?” கோகிலா வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள். “புள்ள நனையுது. குடுக்கிறதுன்னா குடு. இல்லன்னா ஷாமிளா அந்தப் புள்ளையக் கிடத்துற வரைக்கும் உள்ள வந்து நில்லு.”

கேஷானி பிள்ளையை நீட்டினாள்.

கோகிலா முதலில் கழுத்தைத் தாங்கினாள். பிறகுதான் மற்றதெல்லாம். பத்து வாரத்துப் பிள்ளை. சூடாக இருந்தது. பால் வாசனை வந்தது. தோளில் போட்டதும் அது அவள் கழுத்தை நக்கியது, பசிக்குத் தேடுவதுபோல. கோகிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

“தொட்டிலுக்குச் சேல கொண்டாந்தியா?”

கேஷானி பையிலிருந்து ஒரு பழைய நூல் சேலையை எடுத்துக் கொடுத்தாள். “கொக்கி எங்க இருக்கு?”

ஷாமிளா தயங்கினாள். “ஒண்ணுதான் இருக்கு. அந்த ஜன்னல்...” என்று சொல்லி நிறுத்தினாள். ஆறு வாரமாக அந்தக் கொக்கியில் யாரும் சேலை கட்டவில்லை. கட்டச் சொல்லி ஷாமிளாவும் கேட்கவில்லை. இடம் போதாமல் இரண்டு பிள்ளைகளைப் பாயில் போட்டிருந்தாள்.

மூன்று பேரும் அந்தக் கொக்கியைப் பார்த்தார்கள்.

“வேணாம் அக்கா,” என்று கேஷானி மெதுவாகச் சொன்னாள். பயத்தில் சொன்னாளா, இரக்கத்தில் சொன்னாளா என்று தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

கோகிலா பிள்ளையை அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள். பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். கேஷானியின் சேலையை மடித்துக் கொக்கியில் மாட்டி, முடிச்சுப் போட்டு இழுத்தாள். இறங்கினாள். இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தாள். கூரை முனகியது. மறுபடி தொங்கினாள். இரண்டாவது தடவை உடனே விடவில்லை. சேலையைப் பிடித்தபடி, நெற்றியை அதில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

“போடு,” என்றாள்.

கேஷானி பிள்ளையைக் கிடத்தினாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மேலேயிருந்து கங்காணியின் சத்தம் வந்தது. மழைக்குள்ளே ஓடினாள்.

ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. தொட்டில் தானாகவே லேசாக ஆடியது. பிள்ளை இரண்டு தடவை சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனது.

கோகிலா பின்கட்டுக்குப் போனாள். கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ஷாமிளா ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திவிட்டுப் போய், பிள்ளைகளுக்குச் சத்தமாகப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள்.

கஞ்சி பொங்கி வந்தது. கோகிலா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொங்கி வழியுமுன் சட்டியை இறக்கினாள். சின்னக் கைகள் எட்டாத மேடையின் மூலையில், சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தாள்.